‘எல்லாமே பொய் மிஸ்’: பொய்ச்செய்தி வகுப்பில் சீட்டு விளையாட்டு எங்கே தப்பியது?

வளவுவாசல் | ஜூன் 14, 2025, இரவு 9:40

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். எங்கே தப்பு என்று யாராவது சொல்லுங்கள்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற ஒரு உறவுக்காரர் வீட்டுப் பட்டாலையில் சனிக்கிழமை வகுப்பு வைக்கிறேன். ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பதினாறு பிள்ளைகள். இந்த மாதம் பொய்ச்செய்தியைக் கண்டுபிடிப்பது பற்றி. பாடமாகச் சொன்னால் தூங்கிவிடுவார்கள் என்று விளையாட்டாக வைத்தேன். இருபது சீட்டு. ஒவ்வொன்றிலும் வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரி ஒரு செய்தி. நடுவில் இரண்டு பனையோலைக் கொட்டான், ஒன்று ‘உண்மை’, ஒன்று ‘பொய்’. சரியான கொட்டானில் போட்டால் ஒரு மதிப்பெண்.

ஒரு பையன் எழுந்தான், தன் சீட்டுக் கட்டை வாங்கினான், ஒரு சீட்டைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் மொத்தத்தையும் பொய்க் கொட்டானில் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். இருபதுக்குப் பதினாறு. அவன்தான் முதல். ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்த பெண் பிள்ளைக்குப் பதின்மூன்று.

“எப்படிடா?” என்றேன். “பொய்ச்செய்தி வகுப்புன்னுதானே மிஸ் சொன்னீங்க. அப்போ எல்லாமே பொய்யாத்தானே இருக்கும்?” என்றான்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது.

பழையகணக்கு | ஜூன் 14, இரவு 10:15

நான் அறிவியல் ஆசிரியர், இருபது வருடமாக. நீங்கள் அடையாளங்களைச் சொல்லிக்கொடுக்காமல் விளையாட்டுக்குப் போய்விட்டீர்கள். எழுத்துப் பிழை, வரிசையாக ஆச்சரியக்குறி, ‘உடனே எல்லோருக்கும் பகிருங்கள்’ என்ற வரி, வாட்ஸ்அப் செய்தியின் மேலே வரும் இரட்டை அம்புக்குறி. இந்த நான்கும் தெரிந்தால் போதும். இரட்டை அம்பு வந்தாலே பொய் என்று என் வகுப்பில் சொல்லிவைத்திருக்கிறேன்.

தேவகோட்டைக்காரர் | ஜூன் 14, இரவு 10:31

நல்ல விஷயம் ஆச்சி. எங்கள் மாமனாருக்கு ‘இன்று இரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்’ என்று செய்தி வந்தது. அழைத்தார், ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொன்னார்கள், பணம் போய்விட்டது. இதையும் வகுப்பில் சொல்வீர்களா? போன பணத்தைத் திரும்ப வாங்க என்ன வழி?

வளவுவாசல் | ஜூன் 14, இரவு 10:50

தேவகோட்டைக்காரரே, அது மோசடி, இது செய்தி. வேறு வகுப்பு. பணத்துக்கு உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் போடச் சொல்லுங்கள், தாமதிக்க வேண்டாம்.

பழையகணக்கு சார், அடையாளமெல்லாம் சொன்னேன். அந்தப் பெண் பிள்ளைக்குப் பதின்மூன்று கிடைத்ததே அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. அழகாகப் பிழையில்லாமல் எழுதிய பொய்யை உண்மையில் போட்டாள். பிழையோடு எழுதிய உண்மையைப் பொய்யில் போட்டாள். உண்மைச் சீட்டுகளை நானே கை போன போக்கில் எழுதியிருந்தேன், அவற்றில் பிழை இருந்தது!

வளவுவாசல் | ஜூன் 16, காலை 7:05

இன்னும் ஒன்று. நேற்று ஒரு அம்மா போன் செய்தார். ஞாயிறு தண்ணீர் வராது என்று சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்கள். தொட்டியை நிரப்பி வை என்று மகளிடம் சொல்லிவிட்டு இவர் கடைக்குப் போயிருக்கிறார். மகள் நிரப்பவில்லை. “அதை யாரு சொன்னாங்கன்னு தெரியாதும்மா, நம்பக் கூடாதுன்னு மிஸ் சொன்னாங்க” என்றாளாம். ஞாயிறு முழுக்கப் பக்கத்து வீட்டுக் கிணறு.

சிரிப்பாக இருந்தது, அப்புறம் சிரிப்பு வரவில்லை. ஒரே வகுப்பில் பதினாறு பேரையும் எதையும் நம்பாதவர்களாக ஆக்கி அனுப்பிவிட்டேனோ?

கொட்டான் | ஜூன் 16, பகல் 1:20

பேருக்கேற்ற இழை, அதனால் உள்ளே வருகிறேன். முப்பது வருடம் நாளிதழில் துணை ஆசிரியர் வேலை, இப்போது வீட்டில்.

அந்தப் பையன் தப்புச் செய்யவில்லை அம்மா. உங்கள் கட்டை அவன் சரியாகப் படித்துவிட்டான். இருபதில் பதினாறு பொய் என்றால், யோசிக்காமல் பொய் என்பதுதான் அதிக மதிப்பெண் வாங்கும் வழி. விளையாட்டு எதற்குப் பரிசு கொடுக்கிறதோ அதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். நீங்கள் சந்தேகத்துக்கு மட்டும் பரிசு கொடுத்திருக்கிறீர்கள்.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. பொய்ச்செய்திக்கு எதிரான கணினி விளையாட்டுகள் சில வந்தன. விளையாடியவர்கள் பொய்யைக் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள் என்று முதலில் முடிவு சொன்னார்கள். 2023இல் வேறு இருவர் அதே கணக்குகளை எடுத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். விளையாடியவர்களுக்கு உண்மையையும் பொய்யையும் பிரிக்கும் திறமை கூடவில்லை, எதைப் பார்த்தாலும் ‘பொய்’ என்று சொல்லும் பழக்கம்தான் கூடியிருந்தது என்று வந்தது. உண்மைச் செய்தியையும் சேர்த்துத்தான். உங்கள் தண்ணீர்த் தொட்டி.

மூன்று மாற்றம் செய்யுங்கள். உண்மையும் பொய்யும் பாதிப் பாதி வையுங்கள், எத்தனை என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். உண்மைச் சீட்டை நம்ப முடியாத மாதிரியும் பொய்ச் சீட்டை நம்பும்படியும் தேர்ந்தெடுங்கள். மூன்றாவதாக ஒரு கொட்டான் வையுங்கள்: ‘பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’.

பழையகணக்கு சாருக்கு: இரட்டை அம்பு என்றால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். நல்ல மழை எச்சரிக்கைக்கும் அது வரும். பொய்யை யாராவது நகல் எடுத்து ஒட்டி அனுப்பினால் அம்பே இருக்காது.

பழையகணக்கு | ஜூன் 16, இரவு 8:44

சரி, அம்பு விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் எழுத்துப் பிழை?

கொட்டான் | ஜூன் 16, இரவு 9:02

நான் வேலை பார்த்த இடத்தில் முதல் பக்கத் தலைப்பிலேயே பிழை போயிருக்கிறது சார். செய்தி உண்மை. மறுநாள் எனக்குத்தான் அர்ச்சனை.

வளவுவாசல் | ஜூன் 21, மாலை 5:30

இரண்டாவது வகுப்பு முடிந்தது. நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீட்டை இருபதிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தேன். ஆறு உண்மை, ஆறு பொய். (இது பொய்க் கணக்கு என்று பின்னால் தெரிந்தது, வருகிறேன்.) மூன்று கொட்டான். கொட்டானின் பேரையும் மாற்றினேன். ‘உண்மை’, ‘பொய்’ என்பதற்குப் பதில் ‘அனுப்பலாம்’, ‘அனுப்பக் கூடாது’, ‘பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’. நான்கு பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு போன். முதல் சுற்று போன் இல்லாமல், வெறும் மனசுக்குப் பட்டபடி. பென்சிலால் சீட்டின் பின்னால் எந்தக் கொட்டான் என்று எழுதவேண்டும். இரண்டாவது சுற்றில் போனில் பார்த்துவிட்டு மாற்றலாம். எத்தனை சீட்டு சரியான பக்கம் இடம் மாறியது என்பதற்குத்தான் மதிப்பெண்.

நம்ப முடியாத உண்மைக்கு ரயில் தண்ணீர்ச் சீட்டு வைத்தேன்: ‘சென்னைக்குக் குடிதண்ணீர் ரயிலில் போகிறது! 50 வேகன், 25 லட்சம் லிட்டர்!’ நான்கு குழுவும் ‘அனுப்பக் கூடாது’. போனைத் தொட்டதும் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து போன முதல் ரயிலின் படம் வந்துவிட்டது. ஒருத்தி மட்டும், “மிஸ், இது உண்மைதான், ஆனா இன்னிக்கு அனுப்பினா பொய்” என்றாள். அதற்கு நான் தயாராக இருக்கவில்லை. ‘போகிறது’ என்று நிகழ்காலத்தில் எழுதியிருந்தேன். அவள் சொன்னது சரி.

அங்கிருந்து மழை விடுமுறைக்குப் போனோம். பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான செய்தி உலகத்தில் கிடையாது. சீட்டில் இருந்தது இதுதான்: ‘கனமழை காரணமாக சிவகங்கை மாவட்டப் பள்ளிகளுக்கு நாளை விடுமுறை. மாவட்ட ஆட்சியர் அறிவிப்பு.’ இதில் எது பொய் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. எதுவுமே பொய்யில்லை, என்றைக்கோ ஒரு நாள் இது அப்படியே உண்மையாக இருந்திருக்கும். “எந்த நாளை?” என்று கேட்டேன். அப்போதுதான் ‘நாளை’ என்ற சொல்லைப் பார்த்தார்கள். தேதி இல்லாத ‘நாளை’ ஒவ்வொரு ஐப்பசியிலும் உயிரோடு எழுந்து வரும். போன வருட அறிவிப்பின் மேல்பகுதியில் தேதியும் கடித எண்ணும் இருக்கும். அந்த இரண்டு வரியை வெட்டிவிட்டால் போதும், ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம்.

எங்கே பார்ப்பது? `sivaganga.nic.in`, ஆட்சியர் அலுவலகத்தின் சமூக ஊடகப் பக்கம், தொலைக்காட்சி. ஆனால் ஒரு பையன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. “காலையில ஆறு மணிக்கு குரூப்ல வரும் மிஸ். வெப்சைட்ல இன்னும் ஏறியிருக்காது. பஸ் ஏழுக்கு.” போன வருடம் ஒருமுறை அப்படித்தான் ஆனது, நானே பார்த்தேன். அறிவிப்பு உண்மை, இணையதளத்தில் பிறகுதான் வந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் ‘பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று எப்படிச் சொல்வது?

தேவகோட்டைக்காரர் | ஜூன் 21, மாலை 6:02

பள்ளிக்குப் போன் போட்டுக் கேட்கலாமே.

வளவுவாசல் | ஜூன் 21, மாலை 6:04

ஆறு மணிக்கு யார் எடுப்பார்கள்?

கொட்டான் | ஜூன் 21, இரவு 7:48

குளித்துக் கிளம்பித் தயாராக இருக்கச் சொல்லுங்கள். செய்தி தெரியாதபோது எந்தப் பக்கம் தவறினால் நஷ்டம் குறைவு என்று பார்ப்பதுதான் நாங்கள் இரவு ஒரு மணிக்கு அச்சுக்குப் போகும்போது செய்தது. விடுமுறை என்று நம்பிப் படுத்தால் ஒரு நாள் பாடம் போகும். நம்பாமல் கிளம்பினால் பேருந்து நிறுத்தம் வரை ஒரு நடை.

வளவுவாசல் | ஜூன் 22, காலை 6:20

நேற்று எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். வெட்கமாக இருந்தது, அதனால்தான் விட்டேன்.

பன்னிரண்டில் ஒரு சீட்டு: ‘செட்டிநாடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பகுதி.’ இதை நான் உண்மைச் சீட்டாக எழுதிவைத்திருந்தேன். எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! தங்கும் விடுதி ஒன்றின் சிற்றேட்டில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை ஒன்றில்கூடப் பார்த்தேன். நான்கு குழுவும் முதல் சுற்றில் ‘அனுப்பலாம்’. சொந்த ஊர்ப் பெருமை, யார் சந்தேகப்படுவார்கள்?

இரண்டாவது சுற்றில் மூன்று குழு இதைப் பார்க்கவே இல்லை. தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டார்கள். நான்காவது குழுவில், போன வாரம் பதின்மூன்று வாங்கினவள், ஓரமாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். முதலில் கூகிளில் தேடினாள். சுற்றுலாத் தளங்கள் வரிசையாக ‘ஆமாம்’ என்றன. அவற்றை மூடிவிட்டு யுனெஸ்கோவின் தளத்துக்கே போனாள், `whc.unesco.org`. அங்கே இந்தியாவைத் தேடினால் இரண்டு பட்டியல் இருக்கிறது. ஒன்று `World Heritage List`. அதில் தஞ்சைப் பெரிய கோயில் இருக்கிறது, மாமல்லபுரம் இருக்கிறது, நீலகிரி ரயில் இருக்கிறது. செட்டிநாடு இல்லை. இன்னொன்று `Tentative Lists`. அதில் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன, 2014இல் சேர்த்தது.

“மிஸ், ‘டென்டடிவ்’னா என்ன?” என்று கேட்டாள். உத்தேசப் பட்டியல் என்றேன். பின்னால் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு நாடு தானே எழுதிக் கொடுக்கும் பட்டியல். தேர்வு எழுத விண்ணப்பம் போட்ட மாதிரி. “அப்போ பாஸ் ஆகலையா?” தேர்வே இன்னும் நடக்கவில்லை என்றேன். பட்டாலையில் சத்தமே இல்லை. பிறகு அந்த ஒரே கவிழ்ப்பில் முதல் வந்த பையன் கையைத் தட்டினான். “மிஸ்ஸே பொய்ச்செய்தி போட்டுட்டாங்கடா!”

ஆக, ஆறுக்கு ஆறு இல்லை. ஐந்து உண்மை, ஆறு பொய், ஒன்று என் மானம்.

வழித்துணை | ஜூன் 22, காலை 10:11

நான் காரைக்குடியில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழிகாட்டி. இந்த வாக்கியத்தைத்தான் தினமும் சொல்கிறேன். பட்டியலில் இருக்கிறது என்பது உண்மைதானே? எந்தப் பட்டியல் என்று யாரும் கேட்டதில்லை. இதைப் போய்ப் பொய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது?

பழையகணக்கு | ஜூன் 22, காலை 10:40

பாதி உண்மை. அதற்கு ஒரு கொட்டான் வேண்டும். நான்காவது.

கொட்டான் | ஜூன் 22, பகல் 12:15

வேண்டாம் சார். நான்கு வைத்தால் ஐந்து கேட்பார்கள். ஏழு வகையாகப் பிரித்த ஆட்களும் இருக்கிறார்கள், அது ஆராய்ச்சிக்குச் சரி, பதினான்கு வயதுக்குச் சுமை.

சீட்டைக் கொட்டானில் போடுவதற்குப் பதில் சீட்டைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். ‘யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014 முதல் இருக்கும் பகுதி’ என்று ஒரு சொல் சேர்த்தால் ‘அனுப்பலாம்’ கொட்டானுக்குப் போய்விடும். வழித்துணை தம்பியும் அதைச் சொல்லிப் பார்க்கட்டும், பயணிகள் குறைய மாட்டார்கள்.

அந்தப் பெண் செய்ததில் ஒன்றை நீங்கள் கவனித்தீர்களா? சுற்றுலாத் தளங்கள் நன்றாக இருக்கிறதா, படம் அழகா, ‘எங்களைப் பற்றி’ பக்கம் இருக்கிறதா என்று அவள் பார்க்கவே இல்லை. மூடிவிட்டு வெளியே போனாள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆட்கள் இதைச் சோதித்தார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், செய்தி சரிபார்க்கும் தொழில்காரர்கள் என்று மூன்று கூட்டத்துக்கும் ஒரே இணையதளங்களைக் கொடுத்தார்கள். படித்தவர்கள் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து மேலிருந்து கீழே வரை படித்து, அதன் தோற்றத்தில் ஏமாந்தார்கள். தொழில்காரர்கள் சில நொடியில் அதை விட்டு வெளியே வந்து, இது யார் என்று வேறிடத்தில் தேடினார்கள். பக்கத்துக்குள்ளே ஆராயாதே, பக்கத்து வீட்டில் கேள். பெண் பார்க்கப் போகிறவர்கள் செய்வதுதான்.

வழித்துணை | ஜூன் 22, பகல் 12:50

‘உத்தேச’ என்று சொன்னால் ‘அப்போது எப்போது கிடைக்கும்’ என்று கேட்பார்கள் ஐயா. அதற்கு நான் என்ன சொல்வேன்? நான் மாற்றப் போவதில்லை. யோசிக்கிறேன்.

வளவுவாசல் | ஜூன் 28, மாலை 6:15

திருத்தி எழுதும் யோசனை நன்றாக வேலை செய்தது. ஆனால் மூன்றாவது கொட்டானைப் பற்றிப் போன வாரம் நான் பெருமையாக நினைத்ததைத் திரும்பப் பெறுகிறேன்.

இந்த வாரம் பன்னிரண்டில் ஒன்பது சீட்டு அதில்தான் விழுந்தது. ‘பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்பது ‘எனக்கு எதுக்கு வம்பு’ என்று ஆகிவிட்டது. பார்ப்பவர்கள் யாரும் இல்லை. எல்லாவற்றையும் பொய்யில் கவிழ்த்தவன் இப்போது எல்லாவற்றையும் மூன்றாவதில் கவிழ்க்கிறான், அவ்வளவுதான் முன்னேற்றம்.

அதனால் பாதியில் விதியை மாற்றினேன். மூன்றாவது கொட்டானில் போடவேண்டுமென்றால் சீட்டோடு ஒரு துண்டுத்தாள் குத்தவேண்டும். அதில் ஒரே வரி: ‘எதைப் பார்த்தால் தெரியும்?’ ‘கூகிள்’ என்று எழுதினால் செல்லாது. யாரிடம், எந்த இடத்தில், என்ன இருந்தால் நம்புவேன் என்று எழுதவேண்டும். உடனே ஒன்பது நான்காகக் குறைந்தது. எழுதச் சோம்பல்பட்டே முடிவுக்கு வந்துவிட்டார்கள்! ஆனால் எழுதிய நான்கும் நல்ல வரிகள். ஒருத்தி காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்ற சீட்டுக்கு ‘புவிசார் குறியீட்டுப் பதிவேட்டில் பேரும் வருஷமும் இருந்தால்’ என்று எழுதியிருந்தாள். இது உண்மைச் சீட்டு, 2019. யுனெஸ்கோவில் சூடுபட்டதால் ஊர்ப் பெருமைச் சீட்டு என்றாலே இப்போது பதிவேட்டைக் கேட்கிறார்கள்.

பழையகணக்கு | ஜூன் 28, இரவு 9:20

என் பள்ளியில் இதைச் செய்து பார்த்தேன். நாற்பத்திரண்டு பேர், ஒரு போனும் கிடையாது. துண்டுத்தாள் மட்டும் எழுதவைத்தேன். அதுவே ஒரு பாடவேளைக்குச் சரியாக இருந்தது. இரட்டை அம்பு பற்றி நான் முன்பு சொன்னது தப்பு என்றும் சொன்னேன். “அப்போ பரீட்சையில எதை எழுத சார்?” என்று கேட்டார்கள்.

வளவுவாசல் | ஜூலை 5, இரவு 8:00

இன்று சீட்டு இல்லை, பேச்சு மட்டும். ஒரே ஒரு வீடியோவை எடுத்துக்கொண்டேன், ஆனால் போட்டுக் காட்டவில்லை. வாயால் சொன்னேன். கொட்டான் அண்ணே, நீங்கள் சொன்னபடிதான். பொய்யைத் திரும்பத் திரும்பக் காட்டினால் பொய்தான் மனசில் நிற்கும் என்றீர்களே.

2018இல் இவர்களுக்கு ஏழு, எட்டு வயது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அந்த வருடம் எல்லோர் போனிலும் வந்தது. அதோடு ஒரு வீடியோ. தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பைக்கில் இருவர் வருகிறார்கள், ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவ்வளவுதான் நமக்கு வந்தது. அசல் வீடியோ கராச்சியில் ஒரு குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். அதில் அந்த இருவரும் திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிட்டு, ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள்: கராச்சித் தெருக்களில் ஒரு பிள்ளையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று. யாரோ கடைசிச் சில நொடிகளை வெட்டிவிட்டார்கள். வேறு எதுவும் செய்யவில்லை. மழை விடுமுறையில் தலையை வெட்டினார்கள், இதில் வாலை.

அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிடப் போன ஒரு குடும்பம் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. ஊர் கூடி அடித்ததில் வயதான அம்மா ஒருவர் இறந்துபோனார். இதைச் சொன்னபோது ஒருத்தி, “எங்க ஆயாவும் எல்லாருக்கும் மிட்டாய் குடுக்கும் மிஸ்” என்றாள். அதற்குமேல் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பேச வைக்க நான் எழுதிப்போன கேள்விகளில் பாதி தேறவில்லை. ‘யார் அனுப்பினால் நம்புவீர்கள்?’ என்றால் “யாரையும் நம்ப மாட்டோம்” என்று ஒரே குரல். எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் சொன்ன பதில். ‘அந்த வீடியோவை அனுப்பியவர்கள் கெட்டவர்களா?’ என்றதும் சூடு பிடித்தது. “எங்க அம்மாவும் அனுப்பிச்சாங்க. எங்க மேல இருந்த பயத்துலதான்” என்றான் ஒருவன். அனுப்பியவரில் முக்கால்வாசிப் பேர் பிள்ளை பெற்றவர்கள் என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். கணக்கு அவர்களுடையது, நான் மறுக்கவில்லை.

நாள் முழுக்க ஓடிய கேள்வி வேறு: ‘உன் அய்யா குடும்பக் குழுவில் பொய்ச்செய்தி போட்டுவிட்டார். என்ன செய்வாய்?’

தேவகோட்டைக்காரர் | ஜூலை 5, இரவு 8:35

எங்கள் வீட்டில் என் மகன் ‘தாத்தா இது ஃபேக்’ என்று எழுபது பேர் இருக்கும் குழுவில் போட்டுவிட்டான். மாமனார் குழுவை விட்டே வெளியேறிவிட்டார். பணம் போன வருத்தம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இப்போது அவருக்கு எந்தச் செய்தி வந்தாலும் எங்களிடம் காட்டுவதே இல்லை.

வளவுவாசல் | ஜூலை 5, இரவு 9:10

இது வேறு வகுப்பு என்று முதல் நாள் உங்களைத் தள்ளிவிட்டேன், தப்பு. இதே வகுப்புதான்.

பிள்ளைகளும் முதலில் உங்கள் மகன் மாதிரிதான் எழுதினார்கள். பிறகு ஒருவனை அய்யாவாக நடிக்க வைத்தோம். அவன் கால்மேல் கால் போட்டு, “எனக்கு நீ சொல்லித் தர்றியாடா?” என்றதும் எல்லோருக்கும் பிரச்சினை புரிந்துவிட்டது. ஒவ்வொருத்தராக வந்து அவனிடம் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் நின்றது இதுதான்: குழுவில் போடாமல் தனியாகப் போய், ‘பொய்’ என்ற சொல்லையே எடுக்காமல், “அய்யா, இது எந்த வருஷத்து வீடியோ? முழுசா இருக்கா உங்ககிட்ட?” என்று கேட்பது. நடிகர், “தெரியலையே அப்பச்சி, நீ வேணா பாரு” என்று போனை நீட்டிவிட்டார். அது நடிப்பு. வீட்டில் நீட்டுவாரா என்று தெரியவில்லை, அதைத்தான் வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன்.

கொட்டான் | ஜூலை 6, காலை 9:00

ஒரு சந்தேகம். தனியாகச் சொன்னால் அய்யாவின் மானம் தப்பும். குழுவில் உள்ள மற்ற அறுபத்தெட்டுப் பேர்? அவர்கள் அதற்குள் மேலே அனுப்பியிருப்பார்களே. நாளிதழில் தப்புச் செய்தி போட்டால் திருத்தத்தையும் அச்சில்தான் போட்டோம், வாசகர் வீட்டுக்குப் போய்க் காதில் சொல்லவில்லை.

வளவுவாசல் | ஜூலை 6, காலை 9:25

அய்யாவையே போடச் சொன்னால்? ‘நான் அனுப்பியது பழசாம், யாரும் அனுப்ப வேண்டாம்’ என்று.

தேவகோட்டைக்காரர் | ஜூலை 6, காலை 9:27

என் மாமனாரா? அவர் குழுவிலேயே இல்லையே.

வளவுவாசல் | ஜூலை 12, இரவு 7:30

வீட்டுப்பாடக் கணக்கு. பதினாறில் ஒன்பது பேர் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். நான்கு வீட்டில் போனை நீட்டினார்கள். மூன்று வீட்டில் “படிக்கிற வேலையைப் பாரு”. ஒரு அய்யா அசல் வீடியோவைத் தேடச் சொல்லி, பார்த்து, தானே குழுவில் எழுதியிருக்கிறார், பேத்தி படம் எடுத்துக் காட்டினாள். ஒரு ஆயா மட்டும் மொத்த வகுப்பையும் விசாரித்துவிட்டு, எனக்கு மாம்பழம் கொடுத்தனுப்பினார், ‘பொய்’ கொட்டானில் போட்டு. கொட்டான் இன்னும் திரும்பி வரவில்லை.

மீதிச் சீட்டுகளை இன்று முடித்தோம். அந்தப் பையனின் துண்டுத்தாளை அப்படியே தருகிறேன். ஏழு சீட்டுக்கும் ஒரே பதில், அழகான கையெழுத்தில்: ‘எதைப் பார்த்தால் தெரியும்? மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தால்.’

ஏழுக்கு ஏழு சரியாக வைத்திருந்தான். இதற்கு மதிப்பெண் கொடுப்பதா இல்லையா?